ஒரே அட்வான்ஸுக்கு இரண்டு ரசீது: உங்கள் புக்கிங் சாஃப்ட்வேர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் காபித் தோட்டத்துக்குள் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ரூம் புக்கிங், ரசீது, பாக்கிக் கணக்கு எல்லாமே உங்கள் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. பணம் இரண்டு தடவை வரவு விழுகிறது என்று உங்கள் சப்போர்ட்டில் எப்போது சொன்னாலும், "கேட்வே வெப்ஹுக்கை இரண்டு தடவை அனுப்புகிறது, அவர்களைக் கேளுங்கள்" என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதில் சரியில்லை. ஹோம்ஸ்டே தொடங்குவதற்கு முன் சேலத்தில் பேமென்ட் புரோகிராம் எழுதுகிற வேலையில் இருந்தவன் என்பதால் எங்கே கோளாறு என்று எனக்குத் தெரியும், தயவுசெய்து இந்தக் கடிதத்தை உங்கள் டெவலப்பர்கள் கையில் நேராகக் கொடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஒரு குடும்பம் சனி, ஞாயிறு தங்க புக் செய்தார்கள். மொத்தம் ₹7,000, அட்வான்ஸ் ₹3,500, மீதி கிளம்பும்போது. கிளம்புகிற நேரத்தில் பாக்கியைக் கேட்டால், அவர் போனை நீட்டிக் காட்டுகிறார்: உங்கள் சாஃப்ட்வேர் அனுப்பிய வாட்ஸ்அப் ரசீது, "பாக்கி ₹0". பக்கத்திலேயே ₹3,500-க்கு இரண்டு வரவு. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தன் பேங்க் ஆப்பைத் திறந்து ஒரு தடவைதான் பணம் போயிருக்கிறது என்று அவரே பார்த்துவிட்டு மீதியைக் கொடுத்தார். ஆனால் கோடை விழா நேரத்தில் வாசலில் வரிசையாகக் கார் நிற்கும்போது, ஒவ்வொருவரிடமும் நின்று பேங்க் ஆப்பைத் திறக்கச் சொல்ல முடியுமா?

அப்புறம் கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹுக் பதிவைப் பார்த்தேன். பேமென்ட் ஒன்றுதான். அதே ஈவென்ட் ஐடி இரண்டு தடவை அனுப்பப்பட்டிருக்கிறது: முதல் தடவை "டைம்அவுட்", இரண்டாவது தடவை 200. எங்கள் கேட்வே பதிலுக்கு 5 விநாடிதான் காத்திருக்கும். உங்கள் சர்வரோ வெப்ஹுக் வந்ததும் ரசீதை எழுதி, பிடிஎஃப் தயாரித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகுதான் 200 சொல்கிறது. வாட்ஸ்அப் கொஞ்சம் இழுத்தால் 5 விநாடி தாண்டிவிடும். பதில் வராததால், செய்தி உங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்வே முடிவு செய்து திரும்ப அனுப்புகிறது. அது அப்படித்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சர்வர் விழுந்து கிடக்கிற நேரத்தில் வந்த பணமெல்லாம் கணக்கிலேயே ஏறாது. வெப்ஹுக் என்பது ஒரு தடவையாவது வந்து சேரும் என்ற உறுதியோடு வருவது, ஒரே ஒரு தடவைதான் வரும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வந்தால் அதை அடையாளம் கண்டு ஒதுக்குவது வாங்குகிறவர் வேலை, அதாவது உங்கள் வேலை.

இதைச் சொன்ன பிறகு நீங்கள் செய்த திருத்தம் இன்னும் மோசம். ஒரே போன் நம்பரிலிருந்து ஒரே தொகை பத்து நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் அதைத் தள்ளிவிடு என்று வைத்திருக்கிறீர்கள். ஒருவரே நண்பர்களுக்கும் சேர்த்து இரண்டு ரூம் போட்டு, ஒன்றுக்கு ₹3,500, அடுத்ததற்கும் ₹3,500 என்று தனித்தனியாகக் கட்டுவது இங்கே சாதாரணம். போன வாரம் அப்படிக் கட்டியவரின் இரண்டாவது பணம் எங்கள் பேங்குக்கு வந்துவிட்டது, உங்கள் கணக்கில் மட்டும் வரவே இல்லை, அந்த ரூமை "அட்வான்ஸ் வரவில்லை" என்று தானாகவே ரத்தும் செய்துவிட்டது. மறுபக்கம், கேட்வே அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அனுப்பினால் உங்கள் பத்து நிமிடம் எதையும் தடுக்காது. தொகையையும் நேரத்தையும் வைத்து இது அதே பணமா என்று ஊகிக்கவே கூடாது, ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் கேட்வேயே ஒரு ஐடி கொடுத்திருக்கும்போது ஊகிக்க அவசியமும் இல்லை.

ஈவென்ட் ஐடியை மட்டும் வைத்துத் தடுத்தாலும் போதாது. ஒரே பணத்துக்கு `payment.captured` ஒன்றும் `order.paid` ஒன்றும் எங்களுக்கு வருகின்றன. இரண்டுக்கும் ஈவென்ட் ஐடி வேறு, உள்ளே இருக்கிற பேமென்ட் ஐடி ஒன்று. இரண்டையும் வரவாக எழுதினால் திரும்பவும் இரட்டைதான். வரவுக்கு பேமென்ட் ஐடியைப் பிடியுங்கள். ஒரே பேமென்ட்டில் பகுதி பகுதியாகப் பணம் திருப்பித் தரலாம் என்பதால் ரீஃபண்டுக்கு மட்டும் ரீஃபண்ட் ஐடி.

தடுக்கிற இடமும் முக்கியம். "இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா" என்று முதலில் தேடிவிட்டு, இல்லையென்றால் எழுது என்று புரோகிராமில் வைக்காதீர்கள். இரண்டு வெப்ஹுக் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே தேடும், இரண்டுக்குமே "இல்லை" என்று வரும், இரண்டுமே எழுதும். டேட்டாபேஸ்தான் மறுக்க வேண்டும். நீங்கள் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பதாக உங்கள் ஆள் சொன்னார், அப்படியென்றால் இவ்வளவுதான்:

```sql
CREATE UNIQUE INDEX ux_receipt
  ON receipts (gateway, payment_id);

INSERT INTO receipts
  (gateway, payment_id, booking_id, amount)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (gateway, payment_id) DO NOTHING;
```

ஒரு வரி எழுதப்பட்டதாக வந்தால் புதுப் பணம், பாக்கியைக் குறையுங்கள். பூஜ்யம் என்று வந்தால் ஏற்கெனவே வந்த பணம், எதையும் தொடாமல் 200 சொல்லுங்கள். அங்கே போய் எரர் அனுப்பினால் கேட்வே விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ரசீது எழுதுவதும் பாக்கி குறைப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கட்டும். தனித்தனியாக வைத்தால், ரசீது எழுதிய பிறகு சர்வர் விழுந்தால் பாக்கி குறையாது, திரும்ப வருகிற வெப்ஹுக்கையும் "ஏற்கெனவே வந்தது" என்று தள்ளிவிடுவீர்கள், கட்டியவர் கட்டாதவர் ஆகிவிடுவார். பிடிஎஃப், வாட்ஸ்அப் வேலைகளை அதே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு டேபிளில் குறித்துவிட்டு, 200 சொன்ன பிறகு பின்னால் நிதானமாகச் செய்யுங்கள்.

இப்போதே அந்த இண்டெக்ஸைப் போட்டால் டேட்டாபேஸ் ஏற்காது, ஏற்கெனவே இரட்டை வரவுகள் கிடக்கின்றன. முதலில் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்:

```sql
SELECT gateway, payment_id, count(*)
FROM receipts
GROUP BY gateway, payment_id
HAVING count(*) > 1;
```

இதை எங்கள் கணக்குக்கு மட்டும் ஓட்டினால் போதாது, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஓட்டுங்கள். என்னைப் போல டாஷ்போர்டைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இந்த மலையிலேயே உங்கள் சாஃப்ட்வேரை நம்பி ரூம் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரட்டையாக விழுந்த வரவை அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யுங்கள், ஆடிட்டர் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் அந்த இரட்டை வரவுக்கும் எதிர்ப்பதிவுக்கும் `payment_id`-யில் வேறு வேறு குறி சேர்த்து மாற்றிவிடுங்கள், அப்போதுதான் இண்டெக்ஸ் ஏறும்.

எனக்கு வேண்டியது: பத்து நிமிட விதியை இன்றே நிறுத்துங்கள், அது விழுங்கிய பணங்களை கேட்வே பட்டியலோடு ஒப்பிட்டு வரவு வையுங்கள், ரத்தான அந்த ரூமைத் திரும்பப் போடுங்கள். திருத்தம் முடிந்தது என்று சொல்வதற்கு முன், ஒரே வெப்ஹுக்கைச் சோதனைக் கணக்குக்கு ஒரே நேரத்தில் இருபது தடவை அனுப்பிப் பாருங்கள். ரசீது ஒன்று, வாட்ஸ்அப் ஒன்று, இருபதுக்கும் 200 என்று வந்த பதிவை எனக்கு அனுப்புங்கள். அது வரும்வரை இந்த மாதச் சந்தாவைக் கட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
ஹோம்ஸ்டே உரிமையாளர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்