பிரஷ்ஷில் தெரிந்த ரத்தம்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை. சிகரெட்டை விட்டு முப்பத்தெட்டு நாள் ஆகிறது, பிடித்த காலத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை, இப்போது பல் தேய்த்தால் பிரஷ் சிவந்துவிடுகிறது என்றாய். "பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்றும் சொன்னாய். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய்.

பல் கிளினிக்கில் டாக்டர் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் சொல்கிறேன். இந்த ரத்தம் சிகரெட்டை விட்டதால் வந்த நோய் இல்லை. நோய் முன்பே இருந்தது, புகை அதை மூடி வைத்திருந்தது. நிகோடின் ஈறில் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். பல்லடியில் காரை படிந்து ஈறு புண்ணாகியிருந்தாலும் சிவக்காது, வீங்காது, ரத்தமும் அதிகம் வராது. பார்க்க வெளிறி, கெட்டியாக, நன்றாக இருப்பது போலவே தெரியும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். விட்ட சில வாரத்தில் ரத்த ஓட்டம் திரும்புகிறது, அதனால்தான் மறைந்திருந்த புண் இப்போது ரத்தமாகத் தெரிகிறது.

உன் அப்பா கதையும் இதுதான். 2016-இல் பீடியை விட்டார். மூன்றாவது வாரம் துண்டில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு, ஈறை மோண என்பாரே, "மோண கெட்டுப்போச்சு" என்று பயந்துபோய் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. கீழ் முன்பல்லில் ஆறு இறங்கியது. இரண்டு நாளாகப் பிரித்துக் காரை எடுத்தார்கள், ஈறுக்கு உள்ளே வேர் வரைக்கும் சுரண்டினார்கள். பத்து நாள் மோர் குடித்தாலும் கூசியது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது நான்குக்கு வந்திருந்தது, ரத்தமும் நின்றிருந்தது. ஆனால் இறங்கின ஈறு மேலே ஏறவில்லை. கரைந்த எலும்பும் வளரவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப்பல்லை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அப்பாவுக்குக் கீழ் முன்பல் ஈறில் பட்டையாகக் கறுப்பு இருந்தது. அது ஒட்டின கறை இல்லை, புகைக்குத் தோலே அதிகமாகச் சுரக்கும் நிறமி. தேய்த்தால் போகாது, தானாகத்தான் மங்கும். அவருக்கு முக்கால்வாசி மங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. உன் உதடும் அப்படித்தான், நாற்பது நாளில் சிவக்கவில்லையே என்று கண்ணாடியைப் பார்க்காதே. நம் குடும்பத்தில் பிறவியிலேயே உதடும் ஈறும் கொஞ்சம் கறுப்பு, அந்த அளவுக்குத்தான் திரும்பும். சர்க்கரையும் எலுமிச்சையும் வைத்துத் தேய்க்கிறாயாமே, தயவுசெய்து அதை நிறுத்து. தோல் புண்ணானால் இன்னும் கறுக்கும். எலுமிச்சை பல்லில் பட்டால் எனாமலையும் அரிக்கும்.

பல்லின் பழுப்பு வேறு, அது மேலே ஒட்டின தார். இனிமேல் புதிதாகச் சேராது, இருப்பதைக் கிளினிக்கில் கருவி வைத்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். கரித்தூள் வேண்டாம்.

முகத்தைப் பற்றிக் கேட்டாய். சாம்பல் பூத்தது போல இருந்த களை ரத்த ஓட்டத்தோடு சம்பந்தப்பட்டது, அதுதான் முதலில் மாறும். அப்பாவுக்கு இரண்டாவது மாதமே பக்கத்து வீட்டக்கா கண்டுபிடித்துவிட்டார். வாயைச் சுற்றி விழுந்த கோடு அப்படி இல்லை. தோலைத் தாங்குகிற நார் அறுந்ததால் வந்த கோடு அது, பெரும்பாலும் தங்கிவிடும். புதிதாக விழுவது குறையும். உனக்கு முப்பத்தொன்றுதான், அதனால் பெரிதாக விழவில்லை, நான் பார்த்தேன்.

அப்புறம் ஒன்று. விட்ட முதல் மாதங்களில் வாயில் சின்னச் சின்னப் புண் வருவது உண்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ உதட்டிலோ கன்னத்து உட்புறத்திலோ இருந்தால் வலி இல்லை என்று விட்டுவிடாதே. அன்றைக்கே எனக்குச் சொல்.

ரத்தம் வருகிறதே என்று பல் தேய்க்காமல் இருந்துவிடாதே. மெல்லிய பிரஷ் வாங்கி ஈறோரமாக மெதுவாகத் தேய். எர்ணாகுளத்தில் கிளினிக் போனால், புகை பிடித்ததையும் விட்ட தேதியையும் மறைக்காமல் சொல், ஈறை அளந்து பார்க்கச் சொல். இல்லையென்றால் வருகிற சனிக்கிழமை இங்கே வா, டாக்டரிடம் பத்து மணிக்கு நேரம் வாங்கி வைக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினதும் ஒரு போன் பண்ணு.

உன்
அம்மா