நிலை நெடுவரிசையும் பழைய வரலாறும்

அன்பு நண்பர் செல்வத்துக்கு,

வணக்கம். உங்கள் குழுவின் பணிப்பட்டியலை எக்செலிலிருந்து ஜிராவுக்கு மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கே அதே வேலையை அண்மையில்தான் முடித்தோம் என்பதால், கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

தலைப்பு, பொறுப்பாளர் போன்றவற்றைப் பொருத்துவது எளிது. கடினமானது ‘நிலை’ நெடுவரிசைதான். அதில் உள்ள வெவ்வேறு சொற்களை முதலில் தனியே பிரித்தெடுத்துப் பாருங்கள். எங்கள் தாளில் ‘சோதனையில்’, ‘வாடிக்கையாளரிடம் உள்ளது’, ‘வேண்டாம் என்று விட்டது’ ஆகிய மூன்றும் ஒரே நெடுவரிசையில் இருந்தன. முதலாவது வேலையின் கட்டம், இரண்டாவது யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது, மூன்றாவது ஏன் மூடினோம் என்பது. இவை அனைத்தையும் நிலைகளாகவே கொண்டுபோனால் பலகை தாங்காது. ஆகவே கட்டத்தை மட்டும் நிலையாக வைத்து, காத்திருப்பை ஒரு லேபிளாக்கி, கைவிட்ட பணிகளுக்கு நிலையை `Done` என்றும் `Resolution` புலத்தை `Won't Do` என்றும் கொடுத்தோம். முடிந்த பணிகளுக்கும் அந்தப் புலத்தை மறக்காமல் நிரப்புங்கள். அது காலியாக இருந்தால், நிலை `Done` ஆக இருந்தாலும் பல அறிக்கைகள் அந்தப் பணியை முடியாததாகவே எண்ணும். இறக்குமதி முடிந்ததும் இப்படித் தேடினால் விடுபட்டவை தெரிந்துவிடும்:

```
status = Done AND resolution IS EMPTY
```

அடுத்தது வரலாறு. எக்செல் தாளில் இன்றைய நிலை மட்டுமே இருக்கும். ஒரு பணி எந்த நாளில் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்பது அதில் இல்லை. அதை ஊகித்து நிரப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக, குறிப்பு நெடுவரிசையில் தேதியோடு எழுதியிருப்பவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் `Comment` என்ற தலைப்புள்ள தனி நெடுவரிசையில் ‘தேதி;எழுதியவர்;குறிப்பு’ என்ற வடிவில் வையுங்கள். ஒரே தலைப்பில் பல நெடுவரிசைகள் இருப்பதை ஜிரா ஏற்றுக்கொள்ளும். தொடங்கிய தேதியை `Created` புலத்துக்குப் பொருத்தாவிட்டால், நெடுநாளாகக் கிடக்கும் பணியும் இறக்குமதி நாளில் பிறந்ததாகவே தோன்றும்.

தேதிகளில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கணினி அமெரிக்க வழக்கத்தில் இருந்தால், 04/03/2024 என்று தட்டச்சு செய்ததை எக்செல் ஓசையின்றி ஏப்ரல் 3 ஆக எடுத்துக்கொள்ளும். 25/03/2024 என்பதோ, 25 என்ற எண் மாதமாகப் பொருந்தாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒதுங்கியிருந்தால் இதுதான் காரணம் என்று ஐயப்படுங்கள். `=ISTEXT(C2)` போட்டு உறுதி செய்யலாம். எழுத்தாக நின்றவை உண்மையில் பிழையற்றவை. தேதியாக மாறியவற்றில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.

பழைய வரிசை எண்ணையும் ஒரு தனிப் புலத்தில் கொண்டுபோங்கள். பின்னர் யாராவது கேட்டால் மூலத்தாளோடு ஒப்பிட வேறு வழியில்லை. முழுப் பட்டியலையும் ஏற்றுவதற்கு முன், சிக்கலான சில வரிசைகளை ஒரு சோதனைத் திட்டத்தில், மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு ஏற்றிப் பாருங்கள். உங்கள் தாளில் உள்ள நிலைச் சொற்களை எனக்கு அனுப்பினால், பொருத்தத்தை நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாறன்