தக்காளி அனுப்புவார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆபீஸ் தோழியின் அப்பா இறந்ததற்கு அவளுக்கு ஸ்பானிஷில் நீ எழுதிய துக்கக் கடிதத்தை போனில் வாசித்துக்காட்டினபோது நான் "ம்ம்" மட்டும் கொட்டினேன். பஸ்ஸில் இருந்தேன், பக்கத்தில் ஆள். இப்போது வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வலென்சியாவில் இப்போதுதான் மாலை ஆகியிருக்கும், அதனால் இன்றைக்கே அனுப்பிவிடலாம். நாளைக்குத் தள்ளாதே. ஸ்பெயினில் சாவு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இறந்து 24 மணி நேரம் ஆகாமல் பொதுவாக அடக்கம் செய்ய மாட்டார்கள், ஆனால் 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். நேற்று ராத்திரி இறந்தவர் என்றால் நாளை மதியத்துக்குமேல் உன் தோழி வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

நீ எழுதியதில் இலக்கணப் பிழை பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் தொந்தரவு. பிழை இருந்தால் திருத்திவிடலாம். நீ எழுதியது ஸ்பானிஷ் சொற்களில் இருக்கும் இங்கிலீஷ் கடிதம். "எஸ்தோய் முய் த்ரிஸ்தே தே ஓயிர்" என்று ஆரம்பித்திருக்கிறாய். கேட்டு வருத்தமடைகிறேன் என்று ஒரு ஸ்பானியர் சாவுச் செய்தியை ஆரம்பிக்க மாட்டார். அப்புறம் "தயவுசெய்து என் ஆழ்ந்த அனுதாபங்களை ஏற்றுக்கொள்". அதற்கு அடுத்த வரி "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்". அந்தக் கடைசி வரியை எந்த மொழியிலும் எழுதாதே. அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் காரணம் சொல்ல நாம் யார்?

ஸ்பானிஷில் இதற்கென்று தயாரான வாக்கியங்கள் இருக்கின்றன. தமிழில் அப்படி வாயில் வருகிற ஒன்று நமக்குக் கிடையாது. சாவு வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொள்வோம், "எப்படி ஆச்சு" என்று கேட்போம், அவ்வளவுதான். "ஆழ்ந்த இரங்கல்" சுவரொட்டியில் இருக்குமே ஒழிய வாயில் வராது. அவர்களுக்கு "மி மாஸ் சென்திதோ பேசமே" உண்டு. அந்தப் பேசமே என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "மே பேசா" என்றால் எனக்குப் பாரமாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் பேசமே. துக்கம் விசாரிப்பதற்குப் பெயரே "எனக்குக் கனக்கிறது". ஆனால் சொல்லிச் சொல்லி இப்போது அந்தக் கனம் யார் காதிலும் விழுவதில்லை. உன் மேனேஜருடைய அம்மா இறந்தால், வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுத வேண்டியிருந்தால், அதைப் போடு, சரியாக இருக்கும். தினம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உன்னோடு காபி குடிப்பவளுக்கு அது விறைப்பு.

இன்னொன்று "தே அகொம்பான்யோ என் எல் சென்திமியென்தோ", உன் துக்கத்தில் உன் கூட இருக்கிறேன் என்கிற மாதிரி. அழகான வாக்கியம்தான். என் வயதுக்காரர்கள் வரிசையில் நின்று கைகுலுக்கும்போது சொல்வது. உன் வயதில் நீ சொன்னால் தாத்தா வேட்டியைக் கட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

உனக்கு வேண்டியது வெறும் "லோ சியென்தோ முச்சோ". ரொம்ப வருந்துகிறேன். காலை மிதித்துவிட்டாலும் அதையேதான் சொல்கிறோம் என்று நீ தயங்கினாய். பரவாயில்லை. அவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்தான், இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமானால் "முச்சீசிமோ".

அதற்கு முன்னால் ஆரம்ப வரி வேண்டுமே. அங்கேதான் "லோ தே து பாத்ரே" என்று ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் "அப்பா விஷயம் கேள்விப்பட்டேன்" என்கிறோமே, அச்சு அசல் அதுதான். செத்தார் என்கிற சொல்லை எழுதாமலே சொல்லிவிடலாம். உனக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. "சியென்தோ கே" என்று ஆரம்பித்து அவர் இறந்ததை வினைச்சொல்லாகச் சொல்லப்போனால், சாதாரண இறந்தகாலத்தைப் போடக் கூடாது, சப்ஜங்டிவ் வடிவம் வேண்டும். நீ இன்னும் அதில் தடுமாறுகிறாய். "லோ தே" போட்டால் அந்தக் குழிக்குள் போகவே வேண்டாம்.

ஆனால் இந்த வரியில் வேறு ஒரு குழி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். கேள்விப்படுவதற்கு "என்தெரார்சே", ஒரே ஒரு ர. புதைப்பதற்கு "என்தெர்ரார்", இரண்டு ர. ஆம்பூரில் தோல் கம்பெனியில் கடிதம் எழுதுகிற வேலையில் இருந்தபோது, ஸ்பெயினில் எல்தா என்கிற ஊரில் ஷூ செய்கிற ஒருவருடைய அப்பா இறந்துபோனார். ஃபேக்ஸ் காலம். தமிழ்க்காரனுக்கு ர, ற இரண்டும் தாய்ப்பாலோடு வந்தது என்ற மிதப்பில் வேகமாகத் தட்டி அனுப்பிவிட்டேன். "உங்கள் அப்பா இறந்ததில் இப்போதுதான் என்னைப் புதைத்துக்கொண்டேன்" என்று போயிருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் தோல் பார்க்க வந்தார். மதியம் பிரியாணி சாப்பிடும்போது, "நீங்கள் எப்போது மண்ணைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குக் கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த ஒரே நேரம் உங்கள் ஃபேக்ஸ் வந்த நேரம்தான் என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

"பாத்ரே" என்றே எழுது. மெக்சிகோக்காரருக்கு எழுதினால் "பாப்பா" என்று போடலாம், அங்கே பெரியவர்களுக்குள்ளும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படி எழுதும்போது கடைசி எழுத்தின் மேலே அந்தச் சாய்கோடு விட்டுப்போகக் கூடாது. போனால் அப்பா உருளைக்கிழங்கு ஆகிவிடுவார். நான் உன்னை ஆயுசு முழுக்க உருளைக்கிழங்கு என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

சரி, இனி நடு வரி. அதுதான் கடிதம், மற்றதெல்லாம் உறை. அவருக்குத் தோட்டம் உண்டு, கோடையில் மகள் கையில் தக்காளி கொடுத்து அனுப்புவார், நீங்கள் ஆபீசில் பங்கு போட்டுக்கொள்வீர்கள் என்று போன வருஷம் எனக்குச் சொன்னாய். நீ எழுதியதில் அந்தத் தக்காளி எங்கே? அவரை நீ நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் கையால் வளர்த்ததைத் தின்றிருக்கிறாய். அதை எழுது.

அதற்கு "மந்தாபா" என்று போட வேண்டும். "மந்தோ" என்று போட்டால் ஒரு தடவை அனுப்பினார், முடிந்தது. "மந்தாபா" என்றால் வழக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த வித்தியாசத்தில் நீ வகுப்பில் மார்க் இழந்தாய் என்று ஞாபகம். தமிழில் யோசித்தால் தப்பே வராது. ஒரு தடவை என்றால் நாம் "அனுப்பினார்" என்போம். வழக்கம் என்றால், நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசும்போதும், "அப்போதெல்லாம் தக்காளி அனுப்புவார்" என்று எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். நீ "அனுப்புவார்" என்று சொல்ல நினைக்கிற இடத்தில் "மந்தாபா" வரும். போன வாரம் வரை அவள் தன் அப்பாவைப் பற்றி "மந்தா", அனுப்புகிறார், என்று சொல்லியிருப்பாள். இனிமேல் அவள் வாயும் "மந்தாபா"வுக்குப் பழக வேண்டும். அதைப் படிக்கும்போது வலிக்கும்தான். வலிக்கும் என்று பயந்து தக்காளியை எடுத்துவிடாதே.

"என்ன வேண்டுமானாலும் கேள்" என்று முடித்திருந்தாய். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள், அவள் யாரிடமும் எதுவும் கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமை ரிப்போர்ட் அவள் தலையில் இருக்கிறது என்றாயே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுது. பதில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடு. அந்த நேரத்தில் வாட்ஸப்பில் நூறு செய்தி வந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு கடன்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்:

```
Acabo de enterarme de lo de tu padre.
Lo siento muchísimo. Todavía me acuerdo de
los tomates que nos mandaba de su huerto.
No hace falta que me contestes.
Del informe del jueves me encargo yo.
Un abrazo muy fuerte.
```

மேலே "கெரிதா" போட்டு அவள் பெயர், பெயருக்குப் பிறகு முக்காற்புள்ளி. இங்கிலீஷ் பழக்கத்தில் காற்புள்ளி போடுவாய், ஸ்பானிஷில் முக்காற்புள்ளிதான் முறை. நீ போட்டிருந்த "எஸ்திமாதா" வேண்டாம், அது பாங்க் கடிதம். கடைசியில் "அப்ராசோ", கட்டியணைப்பு. ஆபீசிலும் எழுதலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆறே வரியாக இருக்கிறதே என்று இன்னும் சேர்க்காதே.

முடிந்தால் தனதோரியோவுக்கு ஒரு நடை போய்விட்டு வா. அங்கே உடலை வீட்டில் வைப்பது குறைந்துவிட்டது. ஊருக்கு ஊர் இதற்கென்றே கட்டடம் உண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. பெட்டி பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும், பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒப்பாரி இருக்காது. சிலர் தாழ்ந்த குரலில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள், வெளியே காபி குடிப்பார்கள். அலட்சியம் என்று நினைத்துவிடாதே. அரைமணி நேரம் இருந்தால் போதும். அவளுடைய அம்மாவைப் பார்த்தால் "து" போட்டுப் பேசாதே, "உஸ்தெத்" போடு. "நீ"க்கும் "நீங்க"ளுக்கும் உள்ள தூரம்தான். கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொண்டே வா. நம் ஊர் மாதிரி சொல்லாமல் எழுந்து வந்தால் அங்கே மரியாதைக் குறைவு.

அம்மா பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே போய்விட்டு வந்ததும் தலைக்குக் குளிக்கச் சொல்கிறாள். ஸ்பெயினில் அதெல்லாம் கிடையாது என்று சொன்னேன். கிடையாதுதான். நீ குளித்துவிடு.

அப்பா