குளிர்த்தி அறிவித்தலில் ஏன் நெருப்பு?

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் ஆலயத்தின் வண்ணக்கர் ஐயா அவர்களுக்கும், நிருவாக சபையினருக்கும், ஆலய முகநூல் பக்கத்தை நடத்தும் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

இவ்வருட வைகாசிச் சடங்கின் நிறைவு நாளுக்கு நீங்கள் இட்ட அறிவித்தல் இப்படி இருந்தது:

🔥🔥🔥 திருக்குளிர்த்தி 🔥🔥🔥 🕔 🎉🎉 அனைவரும் வருக 🙏🙏🙏🙏

பார்வை இழந்த என் பெரியம்மா, கைபேசி உரக்க வாசிப்பதைக் கேட்டே ஊர்ச் செய்திகளை அறிகிறார். வாசிக்கும் செயலி இமோஜி ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைச் சொல்லும் என்பதால், அவர் காதில் குளிர்த்தி என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் நெருப்பு, நெருப்பு என்றே விழுந்தது. “ஏன் மனே, குளிர்த்திக்குப் போய் நெருப்பெண்டு சொல்லுது?” என்று கேட்டார். மதுரையை எரித்த அம்மாளின் சினம் தணியத்தானே வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்கிறோம்? திரைப்பட விளம்பரத்துக்கு அந்தத் தீச்சுவாலை பொருந்தலாம். வேப்பிலையும் குளிர்ந்த நீரும் கொண்டு நடக்கும் சடங்குக்கு அது நேரெதிரான பொருளைத் தருகிறது.

இதையாவது பொறுக்கலாம். கடிகாரப் படத்தைப் பொறுக்க முடியவில்லை. அதில் ஐந்து மணி தெரியும். விடியலா, மாலையா என்பது தெரியாது. மாலை என்று எண்ணிப் புறப்பட ஆயத்தமான பெரியம்மாவிடம், குளிர்த்தி விடியற்காலையிலேயே முடிந்துவிட்டதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஆண்டுக்கொரு முறை திறக்கும் கதவு அது. அன்று அவர் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. “விடியற்காலை 5.00 மணி” என்று எழுதியிருந்தால் போதுமே! ஆகவே நாளையும் நேரத்தையும் சடங்கின் பெயரையும் சொற்களாலேயே எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

இமோஜியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பொரு முறை, “வர முடியாமல் தூர தேசங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மாள் துணை 🙏” என்று எழுதியிருந்தீர்கள். சொல்ல வேண்டியதைச் சொற்கள் சொல்லி முடித்த பிறகு வந்த அந்த ஒரு கூப்பிய கை, வாசலில் நின்று ஒருவர் எங்களைக் கும்பிட்டு வரவேற்பதைப் போலிருந்தது. அதையே நான்கு முறை அடுக்கும்போது கும்பிடும் மனிதர் மறைந்து, வெறும் அலங்கார வரிசையே எஞ்சுகிறது. தீபப் படமும் அப்படித்தான். 🪔 என்பது 2019இல்தான் இமோஜி வரிசையில் சேர்ந்தது, அதற்கு முந்திய பழைய கைபேசிகள் பலவற்றில் விளக்குக்குப் பதிலாக வெற்றுப் பெட்டியே தெரியும். வாழ்த்தின் முடிவில் ஒன்று வைத்தால், அது தெரியாவிட்டாலும் வாழ்த்துக் குறையாது. “விளக்கு” என்ற சொல்லுக்குப் பதிலாக வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும்.

பதிவிடும் பிள்ளைகள் இரவிரவாகக் கண்விழித்துச் செய்யும் வேலை இது என்பதை அறிவேன். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த வைகாசியில் கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், குளிர்த்தி ஆகிய மூன்றின் நாளையும் நேரத்தையும் சொற்களில் எழுதி, விரும்பினால் கடைசி வரியின் முடிவில் ஒரேயொரு குறியீட்டை வைக்குமாறும், வெளியிடுமுன் கைபேசியை உரக்க வாசிக்கவிட்டு ஒருமுறை கேட்குமாறும் தயவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஆலய அடியவன் ஒருவன்,
மட்டக்களப்பு