தேநீருக்கு நீ சொன்ன நன்றி

அன்புள்ள உனக்கு,

நீ சென்னைக்குப் பஸ் ஏறி இன்றோடு மூன்று ஆண்டு. 2024 டிசம்பர் 8. போன வாரம் நாம் பேசிக்கொண்டதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். உன் அத்தை வீட்டுப் பிள்ளைகளும் என் அலுவலகத்தில் இரண்டு பேரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அதனால் சில இடங்களில் நான் சுற்றி வளைத்துப் போவேன். நேராகச் சொல்ல வேண்டியதை மட்டும் நேராகச் சொல்கிறேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை. கம்பம்மெட்டு வழியாக ஏறி வந்தாய். வண்டன்மேட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "நன்றி அம்மா" என்றாய்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து சர்க்கரை டப்பா எங்கே என்று திட்டிக்கொண்டே தேடியவன் நீ. கப்பைக்கிழங்கில் காரம் போதாது என்று அம்மாவிடமே சண்டை போட்டவன். நம் ஊரில் ஒரு டம்ளர் தேநீருக்கு யார் நன்றி சொல்வார்கள்? விருந்தாளி சொல்வான். வங்கியிலிருந்து வந்தவன் சொல்வான். அன்று நீ குரலை உயர்த்தவில்லை, முகம் கோணவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். அப்பாவிடம் ஏலக்காய் விலை கேட்டாய். பதில் முடிவதற்குள் தலையாட்டினாய். அத்தனை மரியாதையாக இருந்தாய். அந்த மரியாதைதான் என் வயிற்றைப் பிசைந்தது.

பிஸி, பிஸி என்று நீ சொன்னபோதெல்லாம் நான் நம்பினேன். தணிக்கை அலுவலக வேலை எனக்குப் புதிதில்லை. மாதம் 7ஆம் தேதி டிடிஎஸ், 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி, செப்டம்பர் 30க்குத் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31க்கு ரிட்டர்ன். இந்தத் தேதிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். இந்த ஆண்டு அறிக்கைக்கு அக்டோபர் 7 வரையும் ரிட்டர்னுக்கு நவம்பர் 15 வரையும் கெடுவைத் தள்ளிவைத்தார்கள். நானும் என் பொறுமையை நவம்பர் 15 வரை தள்ளிவைத்தேன். அதற்கு எட்டு நாள் கழித்துத்தான் நீ வந்தாய். வேலைதான் காரணம் என்றால் அன்று அது இறங்கியிருக்க வேண்டும் அல்லவா?

பிறகு ஒரு காரியம் செய்தேன். சொன்னால் கோபப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். சென்ற ஆண்டு செப்டம்பர் மாத உரையாடலையும் இந்த ஆண்டு செப்டம்பர் மாத உரையாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இரண்டும் உன் சீசன்தான். இரண்டிலும் நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருந்திருக்கிறாய். பேசிய நிமிடங்களை எண்ணினால் இந்த ஆண்டுதான் அதிகம்! அதைப் பார்த்ததும் ஒரு கணம் நானே வெட்கப்பட்டேன், வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று.

ஆனால் 2023 செப்டம்பர் 29 இரவு 11.40க்கு அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு நான்கு நிமிடம் பேசினாய், நினைவிருக்கிறதா? இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்குள் உன்னைக் கூப்பிட்டேன் என்றாய். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு ஏறிவிட்டதா, அப்பா தூங்கினாரா, போன தடவை மாதிரி காய் வெடித்துவிடாது அல்லவா என்று மூச்சு விடாமல் கேட்டாய். நாளை பேச முடியாது, ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுந்திரு என்றாய். எழுந்தேன். சரியாக ஏழுக்கு மணி அடித்தது.

இந்த ஆண்டு இருபது நிமிடம் பேசுகிறாய், ஒன்றும் கேட்பதில்லை. "சாப்பிட்டாயா" என்கிறாய், அதற்கு நான் பதில் சொல்வதற்கும் நீ அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்கும் இடைவெளியே இருப்பதில்லை. முடியாத நாளில் "பிறகு" என்கிறாய். அந்தப் பிறகுக்குக் கிழமையும் இல்லை, மணியும் இல்லை. எவ்வளவு நேரம் பேசுகிறாய் என்பதை உன் மேனேஜர் முடிவு செய்யலாம். என்ன கேட்கிறாய் என்பதையுமா அவர் முடிவு செய்கிறார்?

இங்கே என் மீதும் தவறு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். செப்டம்பரில் ஆறு நாள் வேண்டுமென்றே நான் அழைக்கவில்லை, நீயாக அழைக்கிறாயா என்று பார்க்க. கெடு நெருங்கும் வாரத்தில் அப்படிச் சோதித்தது அநியாயம். ஒருவன் மூழ்கியிருக்கும்போது அவன் மௌனத்துக்கு அர்த்தம் தேடினால் எதுவும் கிடைக்காது. "நீயும் சீசனில் இருப்பாய் என்று நினைத்தேன்" என்றாய். அது உண்மையாகவும் இருக்கலாம், புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு வாரம் முழுக்க நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். அதன்பிறகு ஒரே இரவில் பதினொரு முறை அழைத்தேன். நீ போனை அணைத்துவிட்டாய். நான் துரத்தத் துரத்த நீ சுருங்கினாய், நீ சுருங்கச் சுருங்க நான் துரத்தினேன். ஆகவே அக்டோபரில் நீ எப்படி இருந்தாய் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் பாதி என் கைவேலை. மன்னித்துக்கொள்.

கணக்கில் சேர்ப்பது மே மாதத்தை. அப்போது நமக்குள் சண்டை இல்லை. மே உனக்குக் கொஞ்சம் மூச்சு விடும் மாதம் என்று நீயே சொல்வாய். இடுக்கியில் வறட்சி. ஏலச்செடிகள் தூரோடு காய்ந்தன. எங்கள் இரண்டு ஏக்கரில் முக்கால்வாசி போனது. மேல்சரிவில் அப்பா நின்ற படத்தை உனக்கு அனுப்பினேன். பழுப்பேறிய இலைகளுக்கு நடுவில் அவர் வேட்டி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நீ ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாய். அடுத்த நாளும் கேட்கவில்லை, அடுத்த மாதமும் கேட்கவில்லை. ஜூனில் புதிதாக நட்டோம். எத்தனை செடி பிடித்தது என்று இன்றுவரை உனக்குத் தெரியாது.

மனம் சோர்ந்திருக்கிறானோ என்றும் யோசித்தேன். அப்படிச் சோர்ந்தவன் எல்லோரிடமிருந்தும் ஒதுங்குவான். நீ ஒதுங்கவில்லை. கம்பம் நண்பர்கள் குழுவில் உன் கேலி குறையவே இல்லை என்று சொன்னவர் யாரென்று இங்கே எழுத மாட்டேன். வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் கேட்பவர்களிடமும் இல்லை என்றே சொல்கிறேன். வேறு யாரும் இல்லாமலே ஒருவருக்கு ஒருவரைப் பிடிக்காமல் போகலாம். அதை வாய் திறந்து சொல்லும் வேலையை மட்டும் ஏன் என் தலையில் கட்டினாய்? நீ நல்லவனாகவே இருந்துகொள்ள நான் சண்டைக்காரியாக வேண்டுமா?

தை மாதத் தேதி வேண்டாம் என்று நேற்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. "அன்றைக்கே தெரிந்தது" என்று மட்டும் சொன்னாள்.

உன் கைக்கடிகாரத்தையும் இரண்டு புத்தகங்களையும் அண்ணன் கம்பத்துக்கு இறங்கும்போது கொடுத்து அனுப்புகிறேன். ஸ்டோருக்கென்று நீ வாங்கி மாட்டிய வெப்பமானியைக் கழற்றப் போனேன். அப்பா தடுத்துவிட்டார். இன்று இரவு காய் போட்டிருக்கிறது, சூடு பார்க்க வேண்டும் என்றார்.