வேலை முடிந்தபின் குறைத்த விலை: ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மருந்துச் சோதனையில் சேர்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் மூன்று ஒப்புதல் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க பிப்ரவரியில் எனக்கு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பினீர்கள். ஆங்கில மூலத்தில் 12,400 சொற்கள், சொல்லுக்கு ₹2, மொத்தம் ₹24,800, பணம் 45 நாளில் என்று அதில் இருக்கிறது. மார்ச் 3 அன்று ஒப்படைத்தேன். "கிடைத்தது, நன்றி" என்று அன்றே பதில் எழுதினீர்கள். இன்வாய்ஸும் அனுப்பிவிட்டேன். மார்ச் 24 அன்று உங்கள் வெண்டர் மேனேஜரிடமிருந்து ஒரு வரி வந்தது: சொல்லுக்கு ₹1.30 தான் தர முடியும், இன்வாய்ஸை மாற்றி அனுப்பவும்.

குறைவது ₹8,680. எனக்கு அது சிறிய தொகை இல்லை.

ஏன் என்று கேட்டபோது, மூன்று படிவத்திலும் ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றீர்கள். திரும்ப வரும் வாக்கியத்துக்குக் குறைந்த விலை என்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். நானே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை வேலை கொடுப்பதற்கு முன் போடுவார்கள். கோப்பை மென்பொருளில் ஏற்றினால் புதிய சொல் எத்தனை, திரும்ப வருவது எத்தனை, பாதி ஒத்துப்போவது எத்தனை என்று சில நிமிடங்களில் பிரித்துக் காட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் மொழிபெயர்ப்பாளர் வேலையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வார். அப்படிப்பட்ட கணக்கு எதையும் நீங்கள் எனக்குக் காட்டவில்லை.

அது மட்டுமல்ல. திரும்ப வருவதற்கான கழிவு என்றால், திரும்ப வரும் சொற்களுக்கு மட்டும்தான் விலை குறையும். புதிய சொற்களுக்கு ₹2 அப்படியே நிற்க வேண்டும். நீங்களோ 12,400 சொல்லுக்கும் ஒரே அடியாக ₹1.30 போட்டிருக்கிறீர்கள். இது கழிவு இல்லை, விலைக்குறைப்பு. கணக்கைக் காட்டுங்கள் என்று நான் கேட்டதும் பேச்சு மாறி, "வாடிக்கையாளரின் பட்ஜெட் குறைந்துவிட்டது" என்று ஆனது.

அந்தத் 'திரும்ப வரும்' வாக்கியங்களில் ஒன்றைக் காட்டுகிறேன். சோதனையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி மூன்று படிவத்திலும் இருக்கிறது. பெரியவர்களுக்கான படிவத்தில், "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்." பெற்றோருக்கான படிவத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொல்தான் கூடுகிறது. தமிழில் வினையே மாறிவிடுகிறது: "உங்கள் பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம்." 12 வயதுக்கு மேற்பட்ட சிறாருக்கான படிவத்தில் ஆங்கில வரி பெரியவர்களுடையதேதான், ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் சிறாரை 'நீ' என்று அழைக்கும்படி உங்கள் குறிப்பு சொல்கிறது. எனவே, "நீ எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்."

மென்பொருளின் கணக்கில் இந்த மூன்றாவது வரி முழுப் பொருத்தம். அப்படியே எடுத்து ஒட்டியிருந்தால் பிள்ளையின் படிவத்தில் பாதி வரிகள் 'நீ' என்றும் மீதி 'நீங்கள்' என்றும் நின்றிருக்கும். யாரிடம் பேசுகிறார்கள் என்று படிக்கும் பிள்ளை குழம்பியிருக்கும். பெற்றோர் படிவத்தில் 'விலகிக்கொள்ளலாம்' என்றே விட்டிருந்தால், விலகுவது பிள்ளையா பெற்றோரா என்ற கேள்வி கையெழுத்துப் போடும் இடத்திலேயே எழுந்திருக்கும். இப்படிப்பட்ட வரிகளுக்காக இரண்டு முழு நாள் மூன்று படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் ₹2க்குள் அடங்கியவை. ₹1.30 என்று முன்பே சொல்லியிருந்தால் இந்த வேலையை நான் எடுத்திருக்க மாட்டேன்.

வாடிக்கையாளர் உங்களுக்குக் குறைத்துக் கொடுத்தால் அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள வழக்கு. என்னோடு ஒப்பந்தம் செய்தது நீங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் இசைய வேண்டும். நான் இசையவில்லை, மாற்றிய இன்வாய்ஸும் அனுப்பவில்லை.

இந்த வேலைக்கு முன்பே நான் குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்திருக்கிறேன். இன்வாய்ஸிலும் அந்த எண் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, சேவை கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். உங்கள் கடிதம் 21ஆம் நாள் வந்தது. அதிலும் தரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே சட்டத்தின்படி கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

கெடு ஏப்ரல் 17. அதற்குள் ₹24,800ஐ, வரிப்பிடித்தம் போக, அனுப்பிவையுங்கள். வராவிட்டால் பர்ச்சேஸ் ஆர்டர், மார்ச் 3 பதில், மார்ச் 24 கடிதம் மூன்றையும் இணைத்து, அதே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ், நிலுவைத் தொகை வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவிடம் மனுச் செய்வேன். இதே படிவங்களின் மற்ற மொழிகளைச் செய்தவர்களுக்கும் ₹1.30 கடிதம் போயிருந்தால், அவர்களுக்கும் பேசிய விலையையே கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்த மூன்று படிவங்களைத் தமிழாக்கியவர்