சுருக்கத்தின் முதல் வரி

அன்புத் தோழிக்கு,

மாதக் கணக்கை முடிக்கும் வேலையில் உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. சின்னவனும் முழுநாள் பள்ளிக்குப் போகிறான், நீ மறுபடி வேலை தேடுகிறாய் என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம்.

ரெஸ்யூமேயைப் பார்த்தேன். மேலே உள்ள நாலு வரிச் சுருக்கத்தை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். "குடும்பப் பொறுப்புகளால் 9 வருடம் வேலையை விட்டிருந்தேன்" என்று தொடங்குகிறாய். உனக்கு என்ன வேலை தெரியும் என்பதற்கு முன்பே இடைவெளிதான் கண்ணில் படுகிறது. எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும்போது முதல் வரியில் நான் தேடுவது, இவர் எந்தக் கணக்கைப் பார்த்தவர் என்பதைத்தான். வெறும் "அக்கவுண்டன்ட்" என்றால் போதாது. சம்பளக் கணக்கு பார்த்தவரும் சப்ளையர் பில் பார்த்தவரும் ஒரே இடத்துக்குப் பொருந்த மாட்டார்கள்.

அப்புறம், குடியிருப்போர் சங்கக் கணக்கை 2 வருடமாக நீதானே எழுதுகிறாய்? அதை ஏன் விட்டுவிட்டாய்? சம்பளம் இல்லாவிட்டாலும் அது கணக்கு வேலைதான், அதுவும் இன்றைக்கும் செய்கிற வேலை. மாதாமாதம் பாஸ்புக்கையும் உன் பதிவையும் ஒத்துப்பார்க்கிறாய். கொடுத்த செக் இன்னும் பாஸாகவில்லை, வங்கி பிடித்த கட்டணம் பதிவாகவில்லை என்று வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிறாய். நேர்காணலில் இதைத்தான் கேட்பார்கள், உன்னிடம் புதிய பதில் இருக்கும்.

நான் எழுதிப் பார்த்தது இது:

"சப்ளையர் பில் சரிபார்ப்பு, பணம் வழங்கல், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பு ஆகியவற்றில் 7 வருட அனுபவமுள்ள அக்கவுண்டன்ட். மாத முடிவுப் பதிவுகளையும் கவனித்திருக்கிறேன். குழந்தை வளர்ப்புக்காக எடுத்த 9 வருட இடைவெளியில், கடைசி 2 வருடமாகக் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவைப் பொறுப்பேற்றுப் பார்த்துவருகிறேன் (ஊதியமின்றி). சப்ளையர் கணக்குப் பிரிவில் முழுநேர வேலையை எதிர்பார்க்கிறேன்."

இடைவெளி மறையவில்லை, ஆனால் அதற்குரிய இடத்தில் பாதி வாக்கியமாக நிற்கிறது. இரண்டையும் கூட்டி "16 வருட அனுபவம்" என்று மட்டும் போட்டுவிடாதே. கீழே உள்ள தேதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதன் பிறகு உண்மையான 7 வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டை நிர்வகித்ததைத் திறமையாக எழுதியிருக்கும் வரியையும் எடுத்துவிடு, கணக்குப் பிரிவில் அதை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. மென்பொருள் பெயர்களில், இன்றைக்கு உட்கார வைத்தாலும் பதிவு போட முடிகிறவை மட்டும் இருக்கட்டும்.

புதிய கணக்கியல் தரநிலைகளைச் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16, குத்தகைகளில் பெரும்பாலானவற்றை இருப்புநிலைக் குறிப்புக்குள் கொண்டுவந்தது. ஆண்டறிக்கை தயாரிக்கும் வேலைக்குப் போவதென்றால் அதைப் படித்தே ஆக வேண்டும். நீ கேட்கும் வேலைக்கு அது சுருக்கத்தில் வேண்டாம்.

பழைய வேலையில் மாதம் எத்தனை பில் பார்த்தாய்? நினைவிருந்தால் "சுமார்" போட்டு முதல் வரியிலேயே சேர்த்து அனுப்பு, இன்னொரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி